அரிசியில் வண்டு: சாப்பிடலாமா, கொட்டிவிடலாமா?

அரிசி டின்னைத் திறந்ததும் கறுப்பாக நாலைந்து வண்டுகள் ஓடினால் மனம் சங்கடப்படுவது இயற்கை. மலாய்க்காரர்கள் இதைக் 'கூத்து பெராஸ்', அதாவது அரிசிப் பேன் என்பார்கள். ஆனால் இது பேனைப் போல நம்மைக் கடிப்பதில்லை, ரத்தத்தை உறிஞ்சுவதில்லை, நோயைக் கொண்டுவந்து ஒட்டுவதும் இல்லை. அரிசியைத் தின்று வாழும் சிறு பூச்சி, அவ்வளவுதான். சிறிதளவு வண்டு விழுந்த அரிசியைச் சலித்து, கழுவி, நன்றாகச் சமைத்துச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. தெரியாமல் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம்.

சைவ உணவு உண்பவர்களுக்கு இது உடல்நலத்தோடு முடிகிற கேள்வி அல்ல என்பது தெரியும். அதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். இங்கே சொல்வது உடம்பைப் பற்றி மட்டும்.

வண்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து அல்ல, நாம் வாங்கிவரும் அரிசியோடுதான் வருகிறது. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசி மணியில் துளையிட்டு, உள்ளே ஒரே ஒரு முட்டை வைத்து, துளையைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முட்டை பொரித்து, புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, ஓட்டை போட்டு வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

இந்த ஒரு மாதக் கணக்குதான் முக்கியம். தோட்டத்து லயத்தில் வீடு நிறையப் பேர் இருந்த காலத்தில் பெரிய மூட்டை வாங்கினாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்று பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். சுங்காயில் வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஆனால் வாங்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பால் டின் அளவு, அதாவது சுமார் 250 கிராம் அரிசி போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ பை 40 நாள் வரும். உள்ளே முட்டை இருந்தால் அது வண்டாகி, மறுபடியும் முட்டை வைக்க அந்த 40 நாள் தாராளமாகப் போதும். 5 கிலோ பை 20 நாளில் தீர்ந்துவிடும். உள்ளே முட்டை இருந்தாலும் அதில் பெரும்பகுதி வண்டாக வளர்வதற்குள் சோறாகிவிடும். கிலோவுக்குச் சில காசு கூடுதலாக இருந்தாலும், வண்டு விழுந்து கொட்டும் அரிசியை எண்ணினால் சின்னப் பைதான் லாபம்.

கடையிலேயே பையின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளைத் தூளும் ஊசி முனை போன்ற ஓட்டைகளும் இருந்தால் அந்தப் பை வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் பெட்டியின் பிரீசரில் இடம் இருந்தால், அரிசியை ஒரு கிலோ, இரண்டு கிலோவாகப் பிரித்துப் பையில் இறுகக் கட்டி நான்கு நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு வெளியே எடுத்து, பையைப் பிரிக்காமல் சில்லென்பது போகும்வரை விட்டுவையுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த அரிசியின் மேல் நீர் பூக்கும். அந்த ஈரம் வண்டைவிடக் கெடுதல். வெயிலில் காயப்போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வெயில் பட்டதும் வண்டுகள் எழுந்து ஓடும், பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் மணிக்குள் இருக்கும் புழுவுக்கு அந்தச் சூடு பெரும்பாலும் எட்டுவதில்லை. அரிசியும் வெடித்து நொய்யாகும். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் சில வண்டுகளை விரட்டலாம், மணிக்குள் இருப்பதைக் கொல்லாது. வேப்பிலை போடுவதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்கட்டும்.

அடுத்தது பாத்திரம். மெல்லிய பிளாஸ்டிக் பையை வண்டு ஓட்டை போட்டுவிடும். ரொட்டி டின் நல்லதுதான், ஆனால் மூடி நசுங்கியிருந்தால் பயனில்லை. திருகு மூடி போட்ட கனமான போத்தல் அல்லது ரப்பர் வளையம் வைத்த டப்பா சிறந்தது. சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடி, கவிழ்த்துப் பாருங்கள். சொட்டவில்லை என்றால் வண்டும் நுழையாது. பழைய அரிசியின் மேல் புதிய அரிசியைக் கொட்டாதீர்கள். பல வீடுகளில் வண்டு தீராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். டின் காலியானதும் மூலையில் ஒட்டிய தூளைத் துடைத்து, கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்துப் பிறகு நிரப்புங்கள்.

சமைக்கும்போது அரிசியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் வண்டும் உள்ளே குடைந்து தின்ற மணிகளும் மேலே மிதக்கும். அவற்றை வடித்துவிடலாம்.

மாவு விஷயம் வேறு. கோதுமை மாவிலும் ஆட்டாவிலும் வருவது செம்பழுப்பு நிற மாவு வண்டு. ஒன்றிரண்டு இருந்தால் சலித்து உடனே சமைத்துவிடலாம். நிறையப் பெருகிவிட்டால் அது ஒருவித நீரைச் சுரக்கும். மாவு லேசான இளஞ்சிவப்பாகும், மூக்கில் ஏறும் காரமான வாடை வரும். அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். பிரித்து மாதக்கணக்கில் கிடந்த மாவில் கண்ணுக்கே தெரியாத உண்ணிகளும் பெருகலாம். வீட்டுத் தூசியால் மூச்சிரைப்பு வருபவர்களுக்கு அந்த மாவு, சமைத்த பிறகும், கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடும். அப்படிப்பட்டவர்கள் மாவைச் சிறு பொட்டலமாக வாங்கி ஐஸ் பெட்டியில் வைப்பது நல்லது.

உண்மையில் அஞ்ச வேண்டியது பூஞ்சணத்துக்கு. 1988 அக்டோபரில் நம் பேராக் மாநிலத்தில் 'லோ சீ ஃபன்' என்னும் எலிவால் மீயைச் சாப்பிட்ட 13 குழந்தைகள் சில நாள்களுக்குள் இறந்தார்கள். பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு அவர்கள் உடலில் இருந்தது. இந்த நச்சு சோறு வேகும் சூட்டில் அழிவதில்லை. கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. ஆகவே அரிசி பச்சையாகவோ, கறுப்பாகவோ, மஞ்சளாகவோ நிறம் மாறி, கட்டி பிடித்து, மக்கல் வாடை வீசினால் வண்டு இல்லாவிட்டாலும் கொட்டிவிடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள். சிமெண்டுத் தரையிலும் கழுவு தொட்டிக்கு அடியிலும் அரிசியை வைக்காதீர்கள். ஒரு பலகையின் மேல் வையுங்கள்.

இன்னொன்று, அரிசி டின்னில் பாச்சை உருண்டை போடவே கூடாது. அதன் ஆவி அரிசியில் ஏறும். ஜி-6-பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களை உடைத்துவிடும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். உங்கள் பேரப்பிள்ளைக்கு எப்படி என்று மகளையோ மருமகளையோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பூச்சி மருந்து அடிப்பதும், கிடங்குகளில் போடும் புகை மாத்திரையைக் கேட்டு வாங்கி வீட்டு அரிசியில் வைப்பதும் இதைவிட ஆபத்து. அந்த மாத்திரையிலிருந்து வரும் வாயு உயிரைக் கொல்லும். யாராவது பாச்சை உருண்டையை வாயில் போட்டுவிட்டாலோ, கண் மஞ்சளித்துச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, காத்திருக்காமல் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவு நேரமானால் 999 எண்ணுக்கு அழையுங்கள்.