கார்ட்டூன் பொம்மை எப்படிப் பேசுகிறது?

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே செல்லும் பேருந்தின் நடத்துனர் "ரமணாசிரமம்!" என்று கூவுகிறார். இதைக் கார்ட்டூன் படமாக்குவதாக வைத்துக்கொள்வோம். நடத்துனரின் வாயை எப்படி வரைவது?

முதலில் வசனத்தை ஒலிப்பதிவு செய்துவிடுவார்கள். ஓவியம் பிறகுதான். ஆனால் எழுத்துக்கு ஒரு படம் என்று வரைய வேண்டியதில்லை. கண்ணாடி முன் நின்று ர, ண, ச என்று சொல்லிப் பாருங்கள். வேலை செய்வது நாக்கு. அது உள்ளே இருப்பதால் வெளியில் அதிகம் தெரிவதில்லை. ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒட்டுகின்றன. 'படம்', 'மடம்' என்று ஓசையின்றிச் சொன்னால் எது எது என்று சொல்ல முடியாது!

எனவே ஆறு வாய்ப்படங்கள் போதும்: மூடிய வாய் (ப, ம), கீழுதட்டை மேற்பல் தொடும் வாய் (வ), அகலத் திறந்த வாய் (ஆ), பாதி திறந்த வாய் (அ), பல் தெரிய நீண்ட வாய் (இ, எ), குவிந்த வாய் (உ, ஒ). இதுவே வாயசைவு அட்டவணை. இந்த இதழ் வேறுபாடுகளைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் அன்றே வகுத்திருக்கிறது.

இனி காலக் கணக்கு. திரையில் வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. நம் சொல்லுக்கு மாத்திரை 7½. நடத்துனர் அதை ஒரு வினாடியில் சொன்னால், மாத்திரைக்கு ஏறக்குறைய 3 பிரேம்கள். இது தோராயமே. சரியான அளவை ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். தோராயப்படி நம் பட்டியல் இது:

1–3: ர, பாதி திறப்பு
4–5: ம, மூடல்
6: பாதி திறப்பு
7–13: ணா, அகலத் திறப்பு
14–16: சி, பல் தெரிய
17–19: ர, பாதி திறப்பு
20–21: ம, மூடல்
22: பாதி திறப்பு
23–24: ம், மூடல்

மூடிய வாய்க்கு இரண்டு பிரேம்களாவது தர வேண்டும். ஒன்றே தந்தால் கண் அதைத் தவறவிடும். காதில் 'ம' கேட்கும், உதடு ஒட்டியதாகத் தோன்றாது.

22-ஆம் பிரேமைக் கவனியுங்கள். இரு மூடல்களுக்கிடையே ஒரே ஒரு திறப்பு! உதடு துடிப்பது போலிருக்கும். ஆகவே திறப்பை 22–23 ஆக்கி, கடைசி மூடலை 24–25க்குத் தள்ளுவார்கள். அதன்பின் மௌனம்தானே, தவறு தெரியாது.

வாயசைவு ஒரு பிரேம் முந்தினாலும் குற்றமில்லை. ஒலி முந்தினால்தான் உறுத்தும். காரணம் பௌதிகம்: தொலைவில் பேசுபவரின் ஒளி முதலில் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. 14 மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ ஒரு பிரேம் நேரம் ஆகிறது. அந்தத் தாமதத்துக்கு நாம் பழகியவர்கள்.

உங்கள் பெயருக்கும் இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அதில் உதடு எத்தனை முறை ஒட்டுகிறது?