கழித்த வரி யாருடைய பணம்?

இடைக்கால ஈவுத்தொகை அறிவிக்கும் கம்பெனிகளில், அடுத்த நாள் காலையில் கணக்குப் பிரிவிலிருந்து எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், டிவிடெண்டுல பிடிக்கிற டேக்ஸை எந்தச் செலவுல போடறதுங்க?" எந்தச் செலவிலும் போடக் கூடாது என்பதே பதில். ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் பதிவு சரியாக விழும்.

2020 மார்ச் 31 வரை ஈவுத்தொகைப் பகிர்வு வரி என்று ஒன்று இருந்தது. அதைக் கட்டியது கம்பெனி. பங்குதாரருக்கு அறிவித்த தொகை முழுதாகப் போகும். அதற்கு மேல் கம்பெனி தன் கையிலிருந்து வரி கட்டும். இரண்டும் சேர்ந்து உபரியிலிருந்து குறையும். 2020 ஏப்ரல் 1 முதல் அந்த வரி இல்லை. இப்போது வரி பங்குதாரருடையது. அவருக்குச் சேர வேண்டிய தொகையிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்து அவர் பெயரில் அரசுக்குக் கட்டுவது மட்டுமே கம்பெனியின் வேலை. பல அலுவலகங்களில் பழைய எக்செல் தாள் அப்படியே கைமாறி வந்திருக்கிறது. அதில் "வரி" என்ற வரிசை இன்னும் உபரிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். முதலில் அதை அழித்துவிடச் சொல்வேன்.

கோவைப் பக்கம் நான் கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பக் கம்பெனியை வைத்துச் சொல்கிறேன். எண்களையும் தேதிகளையும் கணக்குக்கு வசதியாக மாற்றியிருக்கிறேன். மொத்தம் 1,00,000 பங்குகள். 2025 நவம்பர் 10 அன்று இயக்குநர் குழு கூடி, செப்டம்பர் 30 வரையிலான லாபத்தைப் பார்த்து, பங்குக்கு 8 ரூபாய் இடைக்கால ஈவுத்தொகை அறிவித்தது. மொத்தம் 8,00,000 ரூபாய். முந்தைய காலாண்டு முடிவு வரையிலான கணக்கைக் குழு பார்த்தது என்பது தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். அதுவரை நட்டம் என்றால், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி விகிதத்துக்கு மேல் அறிவிக்க முடியாது.

அன்றைக்கே முதல் பதிவு:

உபரி (இடைக்கால ஈவுத்தொகை) – பற்று 8,00,000
செலுத்த வேண்டிய ஈவுத்தொகை – வரவு 8,00,000

இங்கே வரியின் வாடையே கிடையாது. அறிவித்தது 8,00,000, கடன்பட்டதும் 8,00,000. மென்பொருளில் புது லெட்ஜர் திறக்கும்போது அதை மறைமுகச் செலவுகளின் கீழ் வைத்துவிடுவதும் நடக்கிறது. அப்படி வைத்தால் லாப நட்டக் கணக்கில் லாபம் 8 லட்சம் குறைந்து நிற்கும். ஈவுத்தொகை செலவல்ல, லாபத்தின் பங்கீடு. அதன் இடம் காப்பும் உபரியும் என்ற தலைப்பின் கீழ்.

அறிவித்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தனி வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். எங்கள் வழக்கம், 8,00,000 முழுவதையும் அனுப்பிவிடுவது. வரி போக மிச்சத்தை மட்டும் அனுப்பலாமே என்று கேட்பார்கள். ஐந்தாம் நாளில் யாருக்கு எவ்வளவு வரி என்பதே முடிவாகியிருக்காது, படிவங்கள் வந்துகொண்டிருக்கும். முழுத் தொகையும் அந்தக் கணக்கில் இருந்தால் பிறகு வரிச் செல்லானையும் அங்கிருந்தே கட்டிவிடலாம். கடைசியில் அந்தக் கணக்கின் மீதி பூஜ்யமாக வேண்டும் என்பது நல்ல சோதனையாகவும் அமையும். பதிவு எளியது: ஈவுத்தொகை வங்கிக் கணக்கு பற்று, நடப்புக் கணக்கு வரவு.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். பணம் அனுப்பும் முன் ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒரு வரி போட்டுத் தாள் தயாரிக்க வேண்டும். மொத்தத்தில் பத்து சதவீதம் என்று 80,000 போட்டுவிடுகிறவர்கள் உண்டு. இந்தக் கம்பெனியில் ஐந்தே பேர்தான். ஐந்து பேருக்கும் கணக்கு ஐந்து விதம்.

தலைவருக்கு 40,000 பங்குகள், 3,20,000 ரூபாய். உள்நாட்டில் வசிப்பவர், பான் எண் உண்டு; பத்து சதவீதம், 32,000. பான் இல்லையென்றால் இருபதாகிவிடும்.

குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு கம்பெனிக்கு 30,000 பங்குகள், 2,40,000 ரூபாய். வரி 24,000. இதில் கவனிக்க வேண்டியது: சிறு தொகைக்கு விலக்கு தரும் 10,000 ரூபாய் வரம்பு தனிநபருக்கு மட்டுமே. பங்குதாரர் கம்பெனியாக இருந்தால் 500 ரூபாய்க்கும் கழிக்க வேண்டும்.

மூன்றாமவர் பெரியம்மா என்று எல்லோரும் அழைக்கும் மூத்த உறுப்பினர். 9,000 பங்குகள், 72,000 ரூபாய். வருமானம் வரிக்கு உட்படாது என்று படிவம் 15எச் கொடுத்திருந்தார். கழிப்பு இல்லை. இல்லை என்பதற்காக அவர் பெயர் தாளிலிருந்து போய்விடக் கூடாது. கழிக்காததற்கான காரணத்தோடு காலாண்டு அறிக்கையில் அவரையும் காட்ட வேண்டும்.

நான்காமவர் சிங்கப்பூரில் வசிக்கும் தம்பி மகன். 20,000 பங்குகள், 1,60,000 ரூபாய். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வரம்பு எதுவும் கிடையாது. பொதுவான விகிதம் 20 சதவீதமும் அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும், அதாவது 20.8 சதவீதம், 33,280 ரூபாய். சிங்கப்பூருடனான வரி ஒப்பந்தப்படி தனிநபருக்கு 15 சதவீதம், அதன் மேல் தீர்வை இல்லை, 24,000 போதும். இந்த 9,280 ரூபாய் வித்தியாசத்தைத் தீர்மானிப்பது, அந்த ஆண்டுக்கான வசிப்பிடச் சான்றிதழும் இணையத்தில் தாக்கல் செய்த படிவம் 10எஃப்-உம் பணம் போகும் முன் கம்பெனிக்கு வந்து சேர்கின்றனவா என்பதுதான். "அடுத்த வாரம் அனுப்பறேன்ணா, இப்ப குறைச்சுப் பிடிச்சுக்கங்க" என்பதற்கெல்லாம் இடம் கொடுக்காதீர்கள். காகிதம் வரவில்லையென்றால் 20.8 பிடித்துவிடுங்கள், அவர் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குறைத்துப் பிடித்தால் பொறுப்பு கம்பெனியின் தலையில். இவருடைய காகிதங்கள் வந்திருந்தன, 24,000.

ஐந்தாமவர்தான் எனக்குப் பிடித்தவர். பழைய ஊழியர், 1,000 பங்குகள், 8,000 ரூபாய். 2025 ஏப்ரலில் வரம்பு 5,000-லிருந்து 10,000 ஆகிவிட்டது, எனவே கழிப்பு இல்லை என்று தாளில் எழுதியிருந்தார்கள். ஆனால் வரம்பு ஒரு பட்டுவாடாவுக்கு அல்ல, நிதியாண்டு முழுமைக்கும். முந்தைய ஆண்டின் இறுதி ஈவுத்தொகை, பங்குக்கு 3 ரூபாய், பொதுக்குழு முடிந்து 2025 செப்டம்பரில்தான் அவருக்குப் போனது. அது வேறு ஆண்டின் லாபம். ஆனால் பணம் போனது இதே நிதியாண்டில். 3,000-உம் 8,000-உம் சேர்ந்து 11,000. வரம்பு தாண்டியதும் முழுத் தொகைக்கும் வரி. 1,100 ரூபாயை இப்போது பிடித்தோம். 8,000-க்கு 800 தானே என்று அவர் போனில் கேட்டார், நியாயமான கேள்வி. அதனால்தான் பணம் அனுப்பும்போது இரண்டு வரிக் கணக்கை அச்சடித்து அனுப்பும் பழக்கம் வைத்திருக்கிறோம்.

இப்போது கூட்டினால் வரி 81,100. கைக்குப் போவது 7,18,900. நவம்பர் 24-இல் பணம் அனுப்பிய அன்று இரண்டாவது முக்கியப் பதிவு:

செலுத்த வேண்டிய ஈவுத்தொகை – பற்று 8,00,000
ஈவுத்தொகை வங்கிக் கணக்கு – வரவு 7,18,900
செலுத்த வேண்டிய டி.டி.எஸ். (உள்நாடு) – வரவு 57,100
செலுத்த வேண்டிய டி.டி.எஸ். (வெளிநாடு) – வரவு 24,000

டி.டி.எஸ். லெட்ஜரை இரண்டாகப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. உள்நாட்டுப் பங்குதாரர்கள் 26க்யூ அறிக்கையில் வருவார்கள், சிங்கப்பூர்க்காரர் 27க்யூ-வில். செல்லானும் தனித்தனி. ஒரே லெட்ஜரில் கலந்துவிட்டால் ஜனவரி 31-க்குள் அறிக்கை போடும்போது பிரித்தெடுப்பதே வேலையாகிவிடும்.

செல்லான் கட்டக் கடைசி நாள் டிசம்பர் 7. 2025-இல் அது ஞாயிறு. நாங்கள் வெள்ளிக்கிழமை 5-ஆம் தேதியே கட்டினோம். கெடு தாண்டி ஒரு நாள் பிந்திக் கட்டினாலும் வட்டி ஒரு நாளுக்கு மட்டும் வராது. மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், கழித்த மாதமும் கட்டிய மாதமும் சேர்த்து இரண்டு மாதமாகக் கணக்காகி மூன்று சதவீதம். இந்தத் தொகைக்கு 2,433 ரூபாய். அந்த வட்டி மட்டும் உண்மையிலேயே கம்பெனியின் செலவு. ஒரு பங்குதாரரிடமும் அதைப் பிடிக்க முடியாது.

தேதி விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். உள்நாட்டவருக்குப் பணம் போகும்போது கழிக்கிறோம். வெளிநாட்டவருக்கோ, கணக்கில் வரவு வைக்கும் நாள், பணம் போகும் நாள், இரண்டில் எது முந்தியதோ அன்றே கழிக்கும் கடமை வந்துவிடுகிறது. எங்கள் அறிவிப்பும் பட்டுவாடாவும் ஒரே மாதத்தில் இருந்ததால் தொந்தரவில்லை. நவம்பர் 28-இல் அறிவித்து டிசம்பரில் பணம் போடும் கம்பெனி, வெளிநாட்டவரின் வரியை மட்டும் டிசம்பர் 7-க்குள் கட்ட வேண்டியிருக்கும். இயக்குநர் குழுவின் தேதியை மாதத் தொடக்கத்தில் வைக்கச் சொல்லி நான் நச்சரிப்பதற்கு இதுவே காரணம். இங்கே சொன்ன விகிதங்களும் வரம்பும் படிவ எண்களும் 2025–26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பழைய பிரிவு எண்களை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

கடைசியாக, திரும்பி வரும் பணம். ஒரு பங்குதாரரின் வங்கி வேறொன்றுடன் இணைந்து கிளைக் குறியீடு மாறியிருந்தால் பணம் திரும்பிவிடும்; தலைவருக்கே அப்படி நடந்ததாக வைத்துக்கொள்வோம். மென்பொருளில் பழைய பதிவை அப்படியே ரத்து செய்யத்தான் கை போகும். செய்தால் அவருடைய 32,000 வரியும் லெட்ஜரிலிருந்து மறைந்துவிடும். செல்லானும் அறிக்கையும் பேரேடும் ஒன்றோடொன்று ஒட்டாது. வரி கழித்தாகிவிட்டது, அது நிற்க வேண்டும். திரும்பியது 2,88,000 மட்டுமே:

ஈவுத்தொகை வங்கிக் கணக்கு – பற்று 2,88,000
செலுத்த வேண்டிய ஈவுத்தொகை – வரவு 2,88,000

சரியான வங்கி விவரம் வாங்கி, அறிவித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், அதாவது டிசம்பர் 10-க்குள், மறுபடி அனுப்பிவிட்டால் முடிந்தது. அதற்குள் முடியவில்லையென்றால் அடுத்த ஏழு நாளுக்குள், டிசம்பர் 17-க்குள், அதே 2,88,000-ஐச் செலுத்தப்படாத ஈவுத்தொகைக் கணக்கு என்ற தனி வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஏழு ஆண்டுக்குள் அவர் எப்போது வந்து கேட்டாலும் அங்கிருந்து அந்தத் தொகையைக் கொடுக்கும்போது இரண்டாம் முறை வரி பிடிக்கக் கூடாது. படிவம் 16ஏ அவருக்கு ஏற்கெனவே போயிருக்கும்.