HCl அதிர்வுக் கணக்கில் மார்க் போகாமல் இருக்க

தங்கச்சி, பரீட்சைக்கு நாள் நெருங்கிவிட்டது. HCl-ஐ ஒருமுறை ஒழுங்காகப் போட்டுப் பார், மற்ற ஈரணு மூலக்கூறுகளும் அதே வழிதான். வாய்பாடு ஒன்றுதான்: ν̃ = (1/2πc)√(k/μ).

1. முதலில் குறைக்கப்பட்ட நிறை. இரண்டு நிறைகளைப் பெருக்கி, அவற்றின் கூடுதலால் வகு. ஹைட்ரஜன் 1.008, குளோரின் 34.969 என்றால் 0.98 வரும். விடை லேசான அணுவின் நிறையைவிடக் கொஞ்சமாவது குறைவாகத்தான் இருக்கவேண்டும். கூடினால் எங்கோ தலைகீழாக வகுத்திருக்கிறாய்.

2. குளோரினுக்கு 35.45 போடாதே. அது சராசரி. அந்த நிறையில் ஒரு குளோரின் அணுகூடக் கிடையாது. மூலக்கூறில் இருப்பது 35 அல்லது 37.

3. அலகை முதலிலேயே மாற்று. 0.98-ஐ 1.6605×10⁻²⁷-ஆல் பெருக்கினால் 1.627×10⁻²⁷ கிலோகிராம். k = 516 N/m, c = 2.998×10¹⁰ cm/s என்று போட்டால் விடை 2990 cm⁻¹. உனக்கு 95-க்குப் பக்கத்தில் வந்தால் நிறையைக் கிராமிலேயே விட்டுவிட்டாய்.

4. அவசரத்துக்குக் குறுக்குவழி: 130.3 × √(k/μ). இங்கே μ அணு நிறை அலகிலேயே இருக்கட்டும், k மட்டும் N/m. விடை நேராக cm⁻¹-ல் வரும்.

5. டியூட்டீரியம் போட்டால் k-ஐத் தொடாதே. பிணைப்பு எலக்ட்ரான்களின் வேலை. ஒரு நியூட்ரான் கூடியதால் அது மாறாது. மாறுவது μ மட்டும்: 0.98 இப்போது 1.904 ஆகிறது. விகிதம் 1.944, அதன் வர்க்கமூலம் 1.394. 2990-ஐ அதால் வகுத்தால் DCl-க்கு 2145. வர்க்கமூலத்தை மறந்து பாதியாக்கிவிடாதே. √2-ஆலும் வகுக்காதே, குளோரினும் கொஞ்சம் அசைகிறது.

6. கனமான பக்கம் மாறினால் பலன் சிறிது. குளோரின் 35-க்குப் பதில் 37 என்றால் அலைஎண் 2 cm⁻¹ அளவுதான் குறையும். அதிர்வில் பெரும்பாலும் ஆடுவது ஹைட்ரஜன்தான். ஆனாலும் நல்ல கருவியில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில், குறைந்த அலைஎண் பக்கமாக, ஒரு குட்டிக் கோடு தெரியும். உயரம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று, இயற்கையில் அந்த ஐசோடோப்புகள் இருக்கும் விகிதம் அது.

7. ஆய்வகத்தில் 2990-ஐத் தேடாதே. HCl பட்டையின் நடு 2886-ல் இருக்கும், DCl-க்கு 2091. உண்மையான பிணைப்பு இழுக்க இழுக்கத் தளர்ந்துபோகும், வாய்பாடு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. விகிதமும் 1.394 வராமல் 1.38 வரும், லேசான HCl அகலமாக ஆடுவதால் அதற்கு இறக்கம் அதிகம். அந்த 2886-ஐ வைத்து k கண்டால் 516 வராது, 480 வரும். அதனால் விடைத்தாளில் k எழுதும்போது எந்த அலைஎண்ணிலிருந்து எடுத்தாய் என்றும் பக்கத்திலேயே எழுது.