குற்ற உணர்வோடு இறைவனை அணுகுதல்

நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களுக்குப் பழைய நினைவுகள் திரும்பி வருவது இயல்பு. "நான் செய்ததற்கு எந்த முகத்தோடு சாமியைக் கும்பிடுவேன்?" என்று சிலர் கேட்பதை நாம் கேட்கிறோம். பிரார்த்தனை செய்ய ஆசை இருந்தும், தகுதியில்லை என்று எண்ணி விலகி நிற்பவர்கள் அவர்கள். இவர்களுக்கு நம் பகுதியின் சமய மரபுகள் என்ன சொல்கின்றன என்பதை இம்மாதம் காண்போம்.

திருநள்ளாற்றுக்குப் பதிகம் பாடியவர்களுள் ஒருவர் சுந்தரர். அவர் வாழ்வில் நிகழ்ந்த ஒரு பெரும் பிழையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, "உன்னைப் பிரியேன்" என்று சுந்தரர் மகிழமரத்தடியில் சூளுரைத்தார். பின்னர்த் திருவாரூர் நினைவு மேலிட, அச்சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன.

அதன் பிறகு அவர் செய்தது கவனிக்கத்தக்கது. குற்றம் தீர்ந்து தூய்மையான பின் கோயிலுக்குப் போகலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பார்வையற்ற நிலையிலேயே தலம் தலமாகச் சென்றார். தம் பிழையை ஒப்புக்கொண்டார். துன்பம் பொறுக்காமல் இறைவனிடம் உரிமையோடு சண்டையும் இட்டார். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது கண்ணன்று, ஓர் ஊன்றுகோல் மட்டுமே. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. நமக்கு அண்மையில் உள்ள குத்தாலமாகிய திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கியது. மற்றொரு கண் திருவாரூரில்தான் கிடைத்தது. அருள் அவருக்குச் சிறிது சிறிதாகவே வந்தது. முதலில் வந்தது, மேலும் நடப்பதற்கான ஒரு கோல்.

இக்கதையைப் படிப்பவர் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சுந்தரர் கண்ணிழந்தது சூளை மீறியதால் என்பது புராணம். உங்கள் நோய் உங்கள் பாவத்தின் தண்டனை என்று அதிலிருந்து பெறுவது பிழை. யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கின்றனர். அவர் செய்த பாவமும் அன்று, அவர் பெற்றோர் செய்ததும் அன்று என்று இயேசு மறுக்கிறார்.

ஆயினும் உண்மையாகவே ஒரு தவறு நடந்திருந்தால் என்ன செய்வது? இஸ்லாத்தில் இதற்குத் தவ்பா என்று பெயர். அத்தவற்றை விடுவது, அதற்காக வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்வது ஆகிய மூன்றும் அதில் வேண்டும். பிறருடைய உரிமையைப் பறித்திருந்தால், அதைத் திருப்பித் தருவதோ, அவரிடம் மன்னிப்புப் பெறுவதோ நான்காவதாகும். கத்தோலிக்க மரபின் ஒப்புரவு அருட்சாதனத்திலும் மனவருத்தம், குருவிடம் அறிக்கை, பரிகாரம் என்னும் படிகள் உள்ளன. குரு கேட்டதை எவரிடமும் வெளியிடக் கூடாது. இரு மரபுகளிலும் தொடக்கம் ஒன்றே: "நான் கெட்டவன்" என்று பொதுவாக நொந்துகொள்வதை விட்டு, "இன்னாருக்கு இன்னது செய்தேன்" என்று ஒரு செயலைப் பெயரிட்டுச் சொல்வது. செயலுக்குப் பெயரிட்டால் அதைச் சரிசெய்ய வழி தென்படும். கடனைத் திருப்பலாம், பேசாதிருக்கும் தம்பிக்கு ஒரு சொல் அனுப்பலாம். உரியவர் மறைந்துவிட்டால், அவருக்காக வேண்டிக்கொள்ளலாம்.

உடல் இயலாமையும் தடையன்று. தண்ணீர் பயன்படுத்த இயலாத முஸ்லிம் நோயாளி, ஒளுவுக்குப் பதிலாகச் சுத்தமான மண்ணால் தயம்மும் செய்யலாம். கத்தோலிக்கர் குருவைப் படுக்கைக்கே அழைத்து நோயில்பூசுதல் பெறலாம்; மரணத் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியது அன்று அது. குளிக்க முடியாத சைவர் நெற்றியில் திருநீறு பூசி, படுத்தபடியே ஐந்தெழுத்தை ஓதலாம்.

உடன் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி பழைய தவற்றைப் பேசத் தொடங்கினால், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று உடனே வாயடைத்துவிடாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். சொன்ன பின் மனம் சற்று இளகினால், அது நல்ல வருத்தம். மாறாக, எத்தனை முறை சொல்லியும் அதே குற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, உணவையும் மருந்தையும் மறுத்து, "நான் வாழவே தகுதியற்றவன்" என்று கூறினால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை உண்டு. அப்போது அவரைத் தனியே விடாமல், மருத்துவரிடமோ செவிலியரிடமோ உடனே தெரிவியுங்கள். சுந்தரருக்கு முதலில் கிடைத்த கோலைப் போல, அவருக்கு இப்போது தேவைப்படுவது அந்த உதவியாக இருக்கலாம்.