அழைப்பில் இழுபறியா? உங்கள் டிஷ் எந்தச் செய்மதியைப் பார்க்கிறது?

ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்ய நினைப்பவருக்கு முதல் கேள்வி இணையம்தான். பைபர் கேபிள் நகரங்களைத் தாண்டி மெதுவாகத்தான் வருகிறது. காட்டோரக் கிராமங்களில் 4ஜி சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும். அப்போது செய்மதி இணையம் கண்ணில் படும். விற்பவர் எத்தனை எம்.பி.பி.எஸ். என்று சொல்வார். அழைப்பில் கதைக்கப்போகும் நீங்கள் அதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது, கேள்வி போய்ப் பதில் வர எத்தனை மில்லிசெக்கன் என்பதுதான்.

யுத்த காலத்தில் வன்னிக்கு வெளித்தொடர்பு அறுந்திருந்தபோது கிளிநொச்சியிலிருந்த உதவி நிறுவனங்கள் செய்மதித் தொடர்பை நம்பியிருந்தன. அந்த விசாட் டிஷ்கள் பார்க்கும் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. பூமி சுற்றும் வேகத்திலேயே அதுவும் சுற்றுவதால் வானில் ஒரே புள்ளியில் நிற்பதுபோலத் தெரியும். நம் வீடுகளின் தொலைக்காட்சி டிஷ் அசையாமல் ஒரு பக்கமே பார்ப்பதும் அதனால்தான். தொலைக்காட்சிக்குத் தாமதம் பிரச்சினையே இல்லை. கதைப்பதற்குத்தான் பிரச்சினை.

சமிக்ஞை மேலே ஏறி, கீழே இறங்க 71,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும். ஒளியின் வேகத்திலும் அதற்கு 240 மில்லிசெக்கன் வேண்டும். பதில் திரும்பி வர இன்னொரு 240. கருவிகள் எடுக்கும் நேரமும் சேர்ந்தால் 600 மில்லிசெக்கனைத் தாண்டுவது வழமை. கூடுதலாகப் பணம் கட்டினாலும், புதிய ரவுட்டர் பூட்டினாலும், 100 எம்.பி.பி.எஸ். பொதி எடுத்தாலும் இந்த 480 குறையாது.

வேலையில் இது என்ன செய்யும்? லண்டன் நிறுவனம் ஒன்று முல்லைத்தீவிலுள்ள ஒருவரை வீடியோவில் நேர்முகத் தேர்வு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். செய்மதிக்கு 240, லண்டன் வரையான கேபிள் வழிக்கு ஏறக்குறைய 75, மென்பொருள் குரலை ஒழுங்குபடுத்தப் பிடித்துவைக்க 60. ஒரு வழிக்கே 375 ஆகிவிட்டது. கருவிகளின் நேரத்தைச் சேர்த்தால் 400ஐத் தாண்டும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஒரு வழித் தாமதம் 150க்குள் இருந்தால் உரையாடல் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். 400ஐத் தாண்டும் வலையமைப்பைத் திட்டமிடவே வேண்டாம் என்கிறது அது.

கேள்வி கேட்டவருக்கு உங்கள் குரல் வந்துசேர 800 மில்லிசெக்கன் மௌனம். நீங்கள் உடனே பதில் சொல்லியிருப்பீர்கள். அவரோ நீங்கள் தயங்குகிறீர்கள் என்று நினைத்து, கேள்வியை மாற்றிக் கேட்கத் தொடங்குவார். அந்தச் சமயம் உங்கள் பதில் அங்கே போய் இறங்கும். இருவரும் ஒரே நேரத்தில் கதைத்து, இருவரும் நிறுத்தி, மறுபடி இருவரும் தொடங்குவீர்கள். விடயம் தெரிந்த பிள்ளைகள் இதனால் தடுமாறுபவர்களாகத் தெரிவது எனக்குப் பெரிய கவலை. பழைய வகை இணைப்புத்தான் உண்டென்றால், தொடக்கத்திலேயே "என் குரல் ஒரு செக்கன் பிந்தி வரும்" என்று சொல்லிவிடுங்கள். வீடியோவை நிறுத்தினால் சுமை குறையும், தாமதம் குறையாது. குரலுக்குச் சாதாரண தொலைபேசி அழைப்பையும் திரை பகிர்வுக்குச் செய்மதியையும் வைப்பதுதான் நல்ல வழி.

இன்னொரு சிக்கல் அலுவலகத்தின் விபிஎன். உயரச் செய்மதிச் சேவைகள், பக்கங்கள் சீக்கிரம் திறக்கவென நடுவில் ஒரு முடுக்கியை வைத்திருக்கும். விபிஎன் எல்லாவற்றையும் மறைகுறியாக்கி அனுப்புவதால் முடுக்கியால் உள்ளே பார்க்க முடியாது. வீட்டில் யூடியூப் நன்றாக ஓட, அலுவலகக் கணக்கு மென்பொருள் மட்டும் தவழும். தூரத்துக் கணினியில் தட்டச்சு செய்தால் எழுத்து அரைச் செக்கனுக்குப் பிறகே தோன்றும்.

தாழ்ந்த சுற்றுப்பாதைச் சேவையில் கதை வேறு. ஸ்டார்லிங்க் 2024 ஓகஸ்டில் இலங்கையில் அனுமதி பெற்று, 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. அதன் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றரில் பறக்கின்றன. வான்வழிப் பயணத்துக்கு ஒரு சில மில்லிசெக்கன்தான் போகும். தரை நிலையம், வரிசையில் காத்திருத்தல் எல்லாம் சேர்ந்து போய்வரச் சாதாரணமாக 25 முதல் 60 வரை வரும். சமிக்ஞை எந்த நாட்டில் தரையிறங்கி இணையத்தோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து இது கூடும். அதே லண்டன் அழைப்பு இப்போது ஒரு வழிக்கு 20, 75, 60 எனக் கூட்டினால் 155. அந்த 150ஐ ஒட்டியே நிற்பதால் ஏறக்குறைய இயல்பாகக் கதைக்கலாம்.

ஆனால் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இந்தச் செய்மதிகள் வேகமாகக் கடந்துபோவதால் டிஷ் அடிக்கடி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். ஏறக்குறைய 15 செக்கனுக்கு ஒருமுறை பாதை மறுபடி ஒதுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் தாமதம் சிறிது குதிக்கலாம். அழைப்பில் அது பெரும்பாலும் தெரியாது. தெரிவது மரம். உயரச் செய்மதிக்கு ஒரு புள்ளி திறந்திருந்தால் போதும், இதற்கு வானத்தின் பெரிய துண்டு ஒன்று வேண்டும். வளவிலுள்ள பனையும் வேம்பும் மாமரமும் குறுக்கே நின்றால், சில நிமிடத்துக்கு ஒருமுறை குரல் ஒரு செக்கன் அறும். வாங்குமுன் கைபேசிச் செயலியின் தடைச் சோதனையை, டிஷ் வைக்கப்போகும் இடத்திலேயே நின்று செய்து பாருங்கள்.

இணைப்பு கிடைத்தபின் வேலை நேரத்தில் இதை ஓடவிடுங்கள். விண்டோஸ் கணினியில்:

```
ping -n 900 8.8.8.8
```

15 நிமிடம் எடுக்கும். முடிவில் Minimum என்ற எண்ணை முதலில் பாருங்கள். அது 500க்கு மேல் என்றால், விற்றவர் என்ன சொன்னாலும் அது உயரச் செய்மதிதான். Minimum 30, Average 45, ஆனால் "Request timed out" என்ற வரி சில நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் மரத்தைச் சந்தேகியுங்கள். மழை கொட்டும்போது மட்டும் வந்தால் அது மாரிகாலத் தொல்லை, கடந்துபோகும். வீட்டில் ஒருவர் கூகுள் போட்டோஸில் படம் ஏற்றும்போது மட்டும் எண் 200, 300 எனப் போனால் பிழை வானத்தில் இல்லை. அழைப்பு நேரத்தில் அந்த ஏற்றத்தை நிறுத்தினாலே சரி.

மின்சாரத்தையும் கணக்கிலெடுங்கள். சாதாரண ஸ்டார்லிங்க் தொகுதி 75 முதல் 100 வாட் வரை எடுக்கும். ஒரு நொடி மின்வெட்டிலும் டிஷ் மறுபடி தொடங்கி செய்மதியைத் தேடச் சில நிமிடம் போகும். கூட்டத்தின் நடுவே இது நடந்தால் சங்கடம்தான். ரவுட்டரையும் டிஷ்ஷையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

விளையாட்டுக்கு வருவோம். உயரச் செய்மதியில் சதுரங்கம், சீட்டாட்டம் போல முறைவைத்து ஆடுபவை சரிவரும். சுடும் விளையாட்டுகள் சரிவராது. எதிரி அங்கே நின்றதாகத் திரையில் தெரிவது பழைய காட்சி, நீங்கள் சுடும்போது அவர் நகர்ந்திருப்பார். தாழ்ந்த சுற்றுப்பாதையில், கிட்டவுள்ள சேர்வர் அமைந்தால் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் நன்றாக ஆடலாம். கனடாவிலுள்ள மச்சானோடு ஒரே அறையில் சேர்வது என்றால் சேர்வர் யார் பக்கம் என்று பாருங்கள். வட அமெரிக்க சேர்வருக்குக் கடலடிக் கேபிளின் தூரமே 200 மில்லிசெக்கனுக்கு மேல் சேர்க்கும், செய்மதி அதற்குப் பொறுப்பில்லை. வலோரன்ட் போன்றவற்றில் போட்டிக்கு இறங்குபவருக்கு அந்த 15 செக்கன் குதிப்புகூடக் கையில் தெரியும். அவருக்குப் பைபர் கிடைத்தால் பைபர்தான் நல்லது. உங்கள் கணினியில் நீங்களே சேர்வர் நடத்தி நண்பர்களை அழைப்பதும் வீட்டுப் பொதியில் சிரமம். ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதால் வெளியிலிருந்து உங்கள் கணினியைத் தேடிவர முடியாது.