அடக்க விலை

சுங்கை பாக்காப் கடைக்காரர் ஒருவர், தீபாவளி விற்பனைக்காக ஜார்ஜ்டவுன் மொத்த வணிகரிடம் 200 அகல் விளக்குகள் வாங்குவதாகக் கொள்வோம். ஒரு விளக்கின் விலை 2 ரிங்கிட்; மொத்தம் 400 ரிங்கிட். அதில் 10 விழுக்காடு வணிகக் கழிவு போக, 360 ரிங்கிட் ஆகிறது. அப்படியானால், ஒரு விளக்கின் அடக்க விலை 1.80 ரிங்கிட்டா?

இல்லை. விலைப்பட்டியலின் கீழ்ப்பகுதியில் பொதி கட்டும் செலவு 16 ரிங்கிட்டும் லாரி வாடகை 24 ரிங்கிட்டும் உள்ளன. கழிவு பொதுவாகச் சரக்கின் விலைக்கே உண்டு. ஆகவே, இவ்விரண்டையும் கழிவுக்குப் பின்னரே கூட்ட வேண்டும். மொத்தச் செலவு 400 ரிங்கிட். அடக்க விலை 2 ரிங்கிட்.

வழியில் 8 விளக்குகள் உடைந்துவிட்டால், 400ஐ 192ஆல் வகுக்க வேண்டும். அடக்க விலை ஏறத்தாழ 2.08 ரிங்கிட்டாக உயரும். அதற்கு மேல் விற்றால்தான் இலாபம்.