கபடி அட்டவணைப் படத்தைப் பிழையறப் பெயர்த்தெழுதும் முறை

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூரிலும், அதைச் சுற்றியுள்ள பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி, மொரப்பூர் முதலிய ஊர்களிலும் கபடிப் போட்டி நடக்குமானால், மைதானத்தின் ஓரத்தில் ஒரு சார்ட் தாளோ ஃப்ளெக்ஸோ தொங்குவதும், எந்த அணி எந்த அணியோடு மோதியது, யார் அடுத்த சுற்றுக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் மார்க்கர் பேனாவால் எழுதப்படுவதும் வழக்கம். அந்தத் தாள் மழையில் நனைந்து போகும். எஞ்சுவது யாராவது செல்போனில் பிடித்த படம் ஒன்றுதான். அந்தப் படத்திலிருந்து அணிகளின் பெயர்களையும் புள்ளிகளையும் சுற்றுத் தலைப்புகளையும் பிழையின்றி எடுத்தெழுதுவது எவ்வாறு என்பதே இங்கு விஷயம்.

படம் இனிமேல்தான் எடுக்கப்பட வேண்டுமென்றால், ஃப்ளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் எதிரே நின்று, முதலில் முழுமைக்கும் ஒரு படமும், பின்பு ஒன்றன் விளிம்பு மற்றொன்றில் சிறிது தெரியும்படி பகுதி பகுதியாகச் சில படங்களும் எடுக்க வேண்டும். பளபளக்கும் ஃப்ளெக்ஸில் வெளிச்சம் பட்டு ஒரு மூலை வெளுத்துப் போனால் அந்த மூலையில் உள்ள எண் மீளாது. ஆகையால் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து அப்பகுதியை மறுபடியும் எடுப்பது அவசியம்.

எழுதத் தொடங்குமுன் மனத்தில் கொள்ள வேண்டியது, நாக் அவுட் அட்டவணையில் எழுத்துக்கு நிகரான அர்த்தம் கோடுகளுக்கும் உண்டு என்பது. மேலிருந்து கீழாகக் கண்ணில் பட்டதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே போனால், பெயர்கள் எல்லாம் வந்துவிடும்; யார் யாரோடு ஆடினார்கள் என்பது மட்டும் வராது. ஆகவே ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி என்று வகுத்துக்கொண்டு, இரண்டு பெயர்களை ஒரு கோடு எங்கே இணைக்கிறதோ அங்கே ஓர் ஆட்டம் நடந்திருக்கிறது என்று கொண்டு, சுற்றின் பெயர், தேதி, முதல் அணி, அதன் புள்ளி, இரண்டாம் அணி, அதன் புள்ளி, குறிப்பு என்ற வரிசையில் பதிய வேண்டும். தாளில் ஒரு தலைப்பு ஒரே முறை எழுதப்பட்டு அதன் கீழ் பல ஆட்டங்கள் இருக்கும். பிரதியிலோ ஒவ்வொரு வரியிலும் அந்தத் தலைப்பைத் திரும்ப எழுத வேண்டும்.

உதாரணமாக, தமிழ் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதி வரை சென்ற, 2022இல் நடந்த ப்ரோ கபடி ஒன்பதாம் சீசனின் கடைசிக் கட்டத்தைக் கடத்தூரில் ஒருவர் சார்ட் தாளில் வரைந்து ஒட்டினார் என்றும், அதன் படம் நம் கைக்கு வந்தது என்றும் வைத்துக்கொள்வோம். அதன் பிரதி இவ்வாறு அமையும்:

```
எலிமினேட்டர் 1 | 13.12.2022 | பெங்களூரு புல்ஸ் | 56 | தபாங் டெல்லி | 24 |
எலிமினேட்டர் 2 | 13.12.2022 | யு.பி. யோத்தாஸ் | 36 | தமிழ் தலைவாஸ் | 36 | டை பிரேக்கர் 4-6
அரையிறுதி 1 | 15.12.2022 | ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் | 49 | பெங்களூரு புல்ஸ் | 29 |
அரையிறுதி 2 | 15.12.2022 | புனேரி பல்தான் | 39 | தமிழ் தலைவாஸ் | 37 |
இறுதி | 17.12.2022 | ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் | 33 | புனேரி பல்தான் | 29 |
```

இரண்டாவது வரியைச் சற்று நின்று நோக்க வேண்டும். இரு அணிகளும் 36 எடுத்திருப்பதைக் கண்டு, எழுதியவர் தவறிவிட்டார் என்று எண்ணி ஓர் எண்ணை மாற்றிவிடத் துணிபவர் உண்டு. சமநிலையானபின் இரு அணிகளும் ஐந்தைந்து ரெய்டுகள் ஆடி முடிவு காண்பதே அங்கே விதி. அந்த முடிவு அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் இருக்கும், மங்கிய படத்தில் நடுக்கோடு மறைந்து 64 என்றோ 46 என்றோ தோற்றமளிக்கும். அதை மூலப் புள்ளியோடு கூட்டிவிடாமல் குறிப்பில் தனியே எழுதி, அணிகள் நிற்கும் அதே வரிசையில் எண்களையும் நிறுத்த வேண்டும். வென்றவரின் எண் முன்னே வருமென்று பழக்கத்தால் 6-4 என்று எழுதினால், யோத்தாஸ் வென்றதாக அர்த்தமாகிவிடும்.

தலைப்புகளிலும் நம் அபிப்பிராயத்தைப் புகுத்தக் கூடாது. ‘எலிமினேட்டர்’ என்று இருப்பதை ‘காலிறுதி’ என்று மாற்றினால், காலிறுதியில் நான்கு ஆட்டங்கள் எங்கே என்ற கேள்வி பிறக்கும். லீக்கில் முதலிரண்டு ஸ்தானங்களைப் பெற்ற ஜெய்ப்பூரும் புனேவும் அந்தச் சுற்றில் ஆடவே இல்லை.

எழுதி முடித்ததும் வலமிருந்து இடமாக, இறுதிப் போட்டியிலிருந்து பின்னோக்கிச் சரிபார்க்க வேண்டும். இறுதியில் நிற்கும் புனேரி பல்தான் அரையிறுதியில் அதிகப் புள்ளி எடுத்திருக்க வேண்டும். 39 என்பதை 34 என்று படித்திருந்தால் 37 எடுத்த தமிழ் தலைவாஸ் வென்றதாகிவிடும், பிழை உடனே வெளிப்படும். ஆனால் 37 என்பதை 31 என்று படித்திருந்தால், வென்றவர் மாறாததால், இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. அப்போது செய்யத்தக்கது, அதே கையெழுத்தில் ஐயமற்ற ஒன்றையும் ஏழையும் தேடுவது. மேலே உள்ள தாளில் 17 என்னும் தேதியில் அவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்றுக்கும் எட்டுக்கும், பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் இடையே சந்தேகம் எழும்போதும் இதே உபாயம் பயன்படும். அப்படியும் தெளியாவிட்டால் 3[7?] என்று எழுதி விட வேண்டும்; நினைவிலிருந்து நிரப்புவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன், ஏனெனில் நிரப்பிய எண்ணுக்கும் கண்ட எண்ணுக்கும் பிற்பாடு வித்தியாசம் தெரியாது.

ஊர்ப் போட்டி அட்டவணையில் வேறு சில சிக்கல்கள் உண்டு. பதினோரு அணிகள் சேர்ந்தால், அடுத்த இரட்டிப்பு எண்ணாகிய 16இலிருந்து 11 போக ஐந்து அணிகளுக்கு ‘பை’ கிடைக்கும். முதற் சுற்றில் மூன்று ஆட்டங்களும், போட்டி முழுவதிலும் அணிகளின் தொகைக்கு ஒன்று குறைவாகப் பத்து ஆட்டங்களும் நடக்கும். மூன்றாம் இடத்துக்கென்று தனி ஆட்டம் வைத்திருந்தால் அது வேறு. உங்கள் பிரதியில் வரிகள் இந்தத் தொகைக்குக் குறைந்தால் ஏதோ ஒரு கோட்டைக் கண் தவறவிட்டிருக்கிறது. பை பெற்ற அணிக்கு எதிரே புள்ளிக் கட்டத்தைக் காலியாக விட வேண்டுமேயன்றிப் பூஜ்யம் இடலாகாது. வாக் ஓவரானால், அதையும் சொல்லாகவே குறிப்பில் எழுத வேண்டும்.

பெயர்களில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஒரே ஊரிலிருந்து ஏ அணி, பி அணி என்று இரண்டு வரும். எழுதியவர் முதற் சுற்றில் முழுப் பெயரையும் எழுதி, இரண்டாம் சுற்றில் இடமின்றி ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிடுவார். அப்போது கோட்டைத் தொடர்ந்து பின்னோக்கிப் போனால் எந்த அணி என்று தெரியும். அந்த நிர்ணயத்தைச் சதுர அடைப்புக்குள், ‘பொம்மிடி [பி]’ என்பதுபோல, நம்முடைய அனுமானம் என்று தெரியும்படி எழுத வேண்டும். எழுத்துப் பிழையோடு பெயர் இருந்தால் அப்படியே எழுதி, திருத்தத்தைக் குறிப்பில் வைக்கலாம். அடித்து எழுதப்பட்ட எண்ணிருந்தால் புதியதைக் கட்டத்திலும் பழையதைக் குறிப்பிலும் பதிவது நலம்.

புள்ளி குறித்தவரிடம் ஒவ்வோர் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டும் சில நாட்கள் வரை இருக்கும். ஆகையால், சந்தேகக் குறியிட்ட எண்கள் எவையேனும் மிஞ்சினால், தாமதியாமல் அவரிடம் சென்று ஒத்துப்பார்த்து முடித்து, மூலப் படத்தையும் பிரதியோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.